24 வயசுல பி.பி.யா? டென்ஷன் மேல பழி போடாதீங்க!

'டென்ஷன்' என்ற ஒற்றை வார்த்தை நம் ஊரில் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. ஹைப்பர்டென்ஷன் என்று டாக்டர் சொன்னதும், 'ரொம்ப டென்ஷன் ஆகிறான் போல' என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பெயரில் இருக்கும் டென்ஷனுக்கும் பரீட்சை டென்ஷனுக்கும் சம்பந்தம் கிடையாது. அது ரத்தக்குழாயின் சுவர் மீது விழும் அழுத்தம். தமிழ்ப் பெயராவது காப்பாற்றுமா என்றால் அதுவும் 'ரத்தக் கொதிப்பு'! கோபக்காரனுக்கு வரும் வியாதி மாதிரி ஒரு பெயர்.

விளைவு என்ன? இருபது சொச்சம் வயதில் ஒருவருக்கு பி.பி. 160-ஐத் தாண்டினால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ராத்திரி முழிக்கிறான், செல்போன் பார்க்கிறான், ஊறுகாய் தின்கிறான், அதனால்தான்! கேஸ் முடிந்தது. ஒரு மாத்திரை, பிறகு இரண்டு, பிறகு மூன்று. இதைச் செய்வது வீட்டுப் பெரியவர்கள் மட்டுமல்ல. ஐந்து நிமிடத்தில் அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டிய டாக்டர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

அறுபது வயதில் பி.பி. வந்தால் பெரும்பாலும் தனியாக ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. வயது, பரம்பரை, உப்பு, எடை எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தது அது. இளம் வயதிலும் பலருக்கு அப்படித்தான். ஆனால் இளையவர்களில் கணிசமான சிலருக்கு உடம்புக்குள் ஒரு குறிப்பிட்ட கோளாறு இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும். அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்று பார்க்காமலே நாற்பது வருடத்துக்கு மாத்திரை எழுதுவதுதான் இங்கே பிரச்சினை.

கிட்னிக்குத் தெரிந்த பி.பி.

உடம்பில் பி.பி.யைக் கண்காணிக்கும் முக்கியமான ஆள் சிறுநீரகம். தனக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்தால் 'ரெனின்' என்ற பொருளை அது ரத்தத்தில் விடும். ரெனின் கிளப்பிவிடும் சங்கிலியின் கடைசியில், கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி 'ஆல்டோஸ்டிரோன்' என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது உப்பைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். உப்போடு தண்ணீரும் தங்கும், பி.பி. ஏறும். ஏறியதும் கிட்னி ரெனினை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான்.

இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் கெட்டுப்போகலாம்.

ஒன்று, கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்குவது. உடம்பெல்லாம் பி.பி. எகிறிக்கொண்டிருக்கும். ஆனால் சுருக்கத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கிட்னிக்கு அழுத்தம் குறைவாகத்தான் தெரியும். அது ரெனினை விட்டுக்கொண்டே இருக்கும். ஹாரி கோல்ட்பிளாட் என்பவர் 1934-ல் நாய்களின் கிட்னி ரத்தக்குழாயில் கிளிப் போட்டு இறுக்கி, பி.பி. ஏறுவதைக் காட்டினார். தொண்ணூறு வருடப் பழைய விஷயம் இது.

இரண்டு, அட்ரீனல் சுரப்பியே யாரையும் கேட்காமல் ஆல்டோஸ்டிரோனைக் கொட்டுவது. அப்போது கிட்னி ரெனினை அடியோடு நிறுத்தியிருக்கும், ஆனாலும் ஆல்டோஸ்டிரோன் குறையாது. 1950-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற டாக்டர் 34 வயதுப் பெண் ஒருவரிடம் இதைக் கண்டுபிடித்தார். அவருக்கு அட்ரீனல் சுரப்பியில் ஒரு கட்டி இருந்தது. இன்றும் இந்த வியாதிக்கு கான் சிண்ட்ரோம் என்று பெயர் உண்டு.

ஆக, முதல் கோளாறில் ரெனின் கூடுதல், இரண்டாவதில் ரெனின் தரைமட்டம். ஒரே ரத்தத்தில் ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் தேடுவது என்று ஒரு திசை கிடைத்துவிடும்.

ஒரு கேஸ் ஷீட்

இது கற்பனைதான், ஆனால் நடக்காத கதை இல்லை. வயது 24. ஒல்லியான பையன். வேலையில் சேருவதற்கான மெடிக்கல் செக்கப்பில் பி.பி. 164/104. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.4. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். 'கொஞ்சம்தானே கம்மி' என்று அந்த வரியை யாரும் படிக்கவில்லை. 'இந்த வயசுல என்னப்பா டென்ஷன்?' என்ற கேள்வியோடு அம்லோடிபின் 5 மி.கி. எழுதப்பட்டது.

ஒரு மாதம் கழித்து 158/100. அம்லோடிபின் 10 ஆனது, கூடவே டெல்மிசார்ட்டன். அப்புறமும் இறங்கவில்லை, நீர் பிரியும் மாத்திரை சேர்ந்தது. இரண்டு வாரத்தில் தொடையில் பலமில்லை, ராத்திரி நாலு தடவை பாத்ரூம். பொட்டாசியம் 2.8. 'நீர் மாத்திரையால் குறைந்திருக்கும், வாழைப்பழமும் இளநீரும் சாப்பிடு' என்றார்கள்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நீர் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் மாத்திரையே ஆரம்பிக்காத முதல் ரிப்போர்ட்டில் 3.4 இருந்ததே, அதற்கு யார் பொறுப்பு? ஆடிட்டில் ஓபனிங் பேலன்ஸ் பார்க்காமல் குளோசிங் பேலன்ஸுக்கு விளக்கம் சொல்கிற மாதிரிதான் இது.

நாலாவது டாக்டர் அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்தார். ஏனென்றால் பொட்டாசியம் குறைவாக இருந்தால் ஆல்டோஸ்டிரோனும் குறைந்து காட்டி ஏமாற்றும். பிறகு டெஸ்ட். ஆல்டோஸ்டிரோன் 32, ரெனின் 0.2. வகுத்தால் 160. இந்த அலகுகளில் 30-க்கு மேல் போனாலே சந்தேகப்படுவார்கள். டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் ரெனினை ஏற்றிவிடும் மருந்துகள். அவற்றைச் சாப்பிட்டும் ரெனின் எழவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

சி.டி. ஸ்கேனில் இடது அட்ரீனலில் 1.5 செ.மீ. கட்டி. கட்டி தெரிந்தவுடன் கத்தியை எடுத்துவிட முடியாது. சும்மா இருக்கும் கட்டிகளும் உண்டு. ஹார்மோன் இரண்டு பக்கமும் சுரக்கிறதா என்று அட்ரீனல் நரம்பு வழியாக ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். வயது 35-க்குக் கீழே, பொட்டாசியம் தானாகவே குறைவு, ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டி என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் அதைத் தவிர்ப்பதும் உண்டு. இந்தப் பையனுக்கு லேப்ராஸ்கோப்பியில் கட்டியோடு அந்தச் சுரப்பி அகற்றப்பட்டது. பொட்டாசியம் சரியானது. மூன்று மாத்திரை ஒன்றானது, பிறகு அதுவும் நின்றது. எல்லோருக்கும் இப்படி நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. வயது குறைவாகவும், பி.பி. வந்து அதிக வருடம் ஆகாமலும் இருந்தால் வாய்ப்பு அதிகம். அதனால்தான் தாமதம் இங்கே வெறும் தாமதம் இல்லை, நஷ்டம். இரண்டு பக்கமும் சுரந்தால் ஆபரேஷன் கிடையாது. ஸ்பைரோனோலாக்டோன் போல ஆல்டோஸ்டிரோனையே தடுக்கும் மாத்திரை இருக்கிறது.

இரண்டு கையிலும் பார்த்தார்களா?

குழாய்ச் சுருக்கத்துக்கு வருவோம். இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுவது 'ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்ப்ளேசியா'. குழாயின் சுவரே தாறுமாறாக வளர்ந்து, ஸ்கேனில் பாசிமணி கோத்த மாதிரி தெரியும். இதற்குப் பெரும்பாலும் ஸ்டென்ட் கூட வேண்டாம், பலூன் வைத்து விரித்துவிட்டாலே போதும்.

இந்தியாவில் இன்னொன்றை மறக்கவே கூடாது. அது டகாயாசு வியாதி. பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்துச் சுருங்கும். கிட்னிக் குழாயும் மாட்டலாம், கைக்குப் போகும் குழாயும் மாட்டலாம். கைக்குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் கையில் பி.பி. நார்மலாகவே காட்டும்! உள்ளே 190 ஓடிக்கொண்டிருக்க, வெளியே 120 என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இரண்டு கையிலும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும், பைசா செலவில்லை. இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அழற்சி அடங்குவதற்கு முன் பலூன் வைத்தால் குழாய் மறுபடி சுருங்கிக்கொள்ளும். அதனால் முதலில் அழற்சிக்கு மருந்து.

கிட்னிக் குழாயைச் சந்தேகிக்க வேறு தடயங்களும் உண்டு. தொப்புளுக்கு மேல் ஸ்டெத் வைத்தால் 'உஸ்' என்ற சத்தம், ஸ்கேனில் ஒரு கிட்னி மற்றதைவிடச் சிறியது, டெல்மிசார்ட்டன் அல்லது எனலாப்ரில் ஆரம்பித்ததும் கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் எகிறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாப்ளரோ சி.டி. ஆஞ்சியோவோ எடுக்கலாம்.

'எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தா கட்டுப்படியாகுமா?'

நியாயமான கேள்வி. லேப்காரன் சம்பாதிக்க வழிசொல்லும் வாதம் இல்லை இது. பணம் செலவாகாத வேலையெல்லாம் முதலில் முடியட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கைக்குப் பொருத்தமான அளவுப் பட்டையில் பார்த்தார்களா? பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பி.பி. வரும். வீட்டிலும் அதே அளவு வருகிறதா? வலி மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு ஏதாவது உண்டா? தொண்டைக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் மெல்கிறவரா? அதிமதுரம் அளவு மீறினால் ஆல்டோஸ்டிரோன் கூடியது போலவே பி.பி.யை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். குண்டானவர், குறட்டை விடுகிறவர் என்றால் முதலில் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு அடுத்தபடி கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம். கிட்னியின் சொந்த வியாதிதான் இளம் வயது பி.பி.க்கு ஒரு முக்கியக் காரணம் என்பதால் சிறுநீர் டெஸ்டைத் தள்ளிவைக்கவே கூடாது. ரெனின், ஆல்டோஸ்டிரோன் இதற்குப் பிறகு. தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து அலையலையாக வந்தால் மட்டும் அட்ரினலின் சுரக்கும் கட்டிக்கான டெஸ்ட். எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை.

இது ஏதோ அதிகப்பிரசங்கித்தனமான ஆசையும் இல்லை. 40 வயதுக்குள் பி.பி. வந்தால் காரணத்தைத் தேடச் சொல்கிறது 2024-ல் வந்த ஐரோப்பிய இதயநோய்ச் சங்க வழிகாட்டி. 2025-ல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி, பி.பி. உள்ள எல்லோருக்குமே ஆல்டோஸ்டிரோன் டெஸ்டைப் பரிந்துரைத்தது. பொட்டாசியம் குறைந்தால்தான் பார்ப்போம் என்பதெல்லாம் பழைய கதை. இந்த வியாதி உள்ள பலருக்குப் பொட்டாசியம் நார்மலாகவே இருக்கும்.

எனவே இதைப் படிக்கும் இளைய பி.பி.காரர்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது தொடரட்டும். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டரிடம் மூன்றே மூன்று கேள்வி: இரண்டு கையிலும் பார்த்தீர்களா? முதல் மாத்திரைக்கு முன்னால் பொட்டாசியம் எவ்வளவு? ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் எப்போது பார்க்கலாம்? 'உனக்கு ரொம்ப டென்ஷன்' என்று பதில் வந்தால், வேறு டாக்டரைப் பாருங்கள்.