காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

விடுமுறைக்குக் கேமரன் மலைக்குத் திரும்பியபோது எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு சுற்றிக்கொண்டிருந்தது. "காய்ச்சல் 100 விழுக்காடு உயர்வு! பீதியடைய வேண்டாம்! காய்ச்சல் குறையவில்லை என்றால் உடனடியாகச் சிகிச்சை பெறவும்!" எல்லாம் சிவப்பு எழுத்து. அம்மா படித்துவிட்டு, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

இரண்டு பேர் நான்கு பேரானாலும் 100 விழுக்காடு உயர்வுதான். எத்தனை பேர், எந்த வாரத்தில், எந்தப் பகுதியில், இரத்தப் பரிசோதனையில் டெங்கி என்று உறுதியானதா, வெறும் காய்ச்சலா என்று சொன்னாலே போதும். "பீதியடைய வேண்டாம்" என்ற வரியைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பீதியே வந்தது.

ஆனால் மூன்றாவது வரிதான் ஆபத்தானது. படிக்க நியாயமாகத் தெரிகிறது. டெங்கிக்கோ அது தலைகீழ். டெங்கியில் கடுங்காய்ச்சல் சில நாள் நீடிக்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். அப்போதுதான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரியும். அந்த 24 முதல் 48 மணி நேரமே நெருக்கடியான கட்டம். அறிவிப்பை நம்பியவர் காய்ச்சல் விட்டதென்று கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடுவார். 2023இல் நம் நாட்டில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. நூறு பேர் இறந்தனர்.

நான் மாற்றி எழுதியது இது:

"காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் கிளினிக்குக்குச் சென்று இரத்தம் சோதியுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் தாப்பா, ஈப்போ என்று கீழே போய் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புருஃபென் வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கவனியுங்கள். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும், இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள்."

"கீழே போய் வந்திருந்தால்" என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். குளிரில் ஏடிஸ் வராது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதற்குள் சந்தைக்கோ திருமணத்துக்கோ போனது மறந்துவிடும்.

டெங்கி என்ற பெயரை நான் எழுதவில்லை. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் முதலில் இப்படித்தான் இருக்கும். உறுதியாகாததை அறிவிப்பில் எழுதினால் மற்ற நோயைத் தவறவிடுவோம்.

குழுவில் போடுமுன் கிளினிக் மருத்துவ உதவியாளரிடம் காட்டினேன். அவர் ஒரு வரி சேர்த்தார்: "ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் வாருங்கள்." மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு அடக்கிக்கொள்வது பழகிப்போனது, கேட்காமல் சொல்லமாட்டார்கள் என்றார்.