வேகமான விளையாட்டும் மங்கும் திரையும்

மகன் கணினியில் கார்ப் பந்தயம் விளையாடும்போது சற்றுக் கவனியுங்கள். நிற்கும் காரின் இலக்கத் தகட்டை நன்றாக வாசிக்கலாம். அது ஓடத் தொடங்கியதும் எழுத்துக்கள் கலங்கிவிடும். இதற்காகப் பலர் புதுத் திரை வாங்கப் பணம் தேடுகிறார்கள். குறை பெரும்பாலும் திரை பழசானதில் இல்லை. அது படத்தைக் காட்டும் முறையில் இருக்கிறது.

செக்கனுக்கு 60 படங்கள் காட்டும் திரையில் ஒவ்வொரு படமும் அடுத்தது வரும்வரை அசையாமல் நிற்கும். நம் கண்ணோ காரைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். நின்ற படத்தின் மீது கண் நகர்வதால்தான் அது இழுபட்டுத் தெரிகிறது. 1920 புள்ளி அகலமுள்ள திரையை ஒரு கார் இரண்டு செக்கனில் கடந்தால், அந்த இழுவை 16 புள்ளி அகலம் இருக்கும்.

இதற்கு ஒரு வழி, ஒவ்வொரு படத்தையும் கணநேரம் மட்டும் காட்டிவிட்டு மற்ற நேரம் இருட்டாக்குவது. சில தொலைக்காட்சிகள் இடையில் கறுப்புப் படத்தைச் செருகும். விளையாட்டுக்கென வரும் மொனிட்டர்கள் பின்விளக்கையே அணைத்து அணைத்து எரிக்கும். அமைப்புப் பட்டியலில் DyAc, ULMB, ELMB என்று கம்பனிக்கொரு பெயரில் இது இருக்கும். காற்பங்கு நேரம் மட்டும் விளக்கு எரிந்தால் 16 புள்ளி இழுவை 4 ஆகிவிடும்; தகட்டை வாசிக்கலாம்.

ஆனால் ஒளியும் காற்பங்காகிவிடும். 300 நிட் தந்த திரை 75 நிட்தான் தரும். எரியும் கணத்தில் விளக்கைக் கூட்டிச் சிறிது ஈடுசெய்யும் மொனிட்டர்களும் உண்டு, முழுவதும் ஈடாகாது. இரவில் இது போதும். பகலில் யன்னலைத் திறந்து வைத்த அறையில் படம் மங்கி, இருண்ட மூலையில் நிற்பது எதுவென்றே தெரியாது. யன்னல் திரையை இழுத்துவிடுங்கள், அல்லது விளக்கு எரியும் நேரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். இழுவை 8 புள்ளியாகும், ஒளியும் பாதி மிஞ்சும். எனக்கு இந்த நடுவழிதான் பிடிக்கும்.

ஒரு கார் இரண்டாகத் தெரிகிறதா? விளக்கு செக்கனுக்கு 120 தடவை எரிய, விளையாட்டு 60 படம்தான் தருகிறது என்று அர்த்தம். ஒரே படத்தைக் கண் இரண்டு இடத்தில் காண்கிறது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் பல மொனிட்டர்களில் FreeSync போன்ற, வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் வசதியை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும். திரையின் அடியில் மட்டும் இரட்டையாகத் தெரிந்தால் அது திரையின் புள்ளிகள் மெதுவாக மாறுவதால் வருவது. உங்கள் அமைப்பில் பிழை தேட வேண்டாம்.

வசதி உண்மையில் இயங்குகிறதா என்று அறிய, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். விசிறி போலக் கலங்காமல் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் விளக்கு அணைந்து எரிகிறது. செக்கனுக்கு 60 தடவை என்றால் அந்தச் சிமிட்டல் பலருக்குக் கண்ணிலேயே தெரியும், தலையிடியும் வரலாம். வலிப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதைப் போடவே வேண்டாம். பாடம் வாசிக்கவும் கடிதம் எழுதவும் உட்காரும்போது நிறுத்திவிடுங்கள். அசையாத எழுத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, வெளிச்சம்தான் வீண்.