அக்கி எழுதக் கொடுக்கும் மூன்று நாள்

“அக்கிக்கு மாத்திரை, ஊசி ஆகாது; எழுதினால்தான் இறங்கும்.” படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் தமிழ்நாட்டில் நிலவும் நம்பிக்கை இது. உடம்பில் ஒரு பக்கம் பட்டையாகக் கொப்புளம் கிளம்பி எரிந்தால், மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறோம். அவர் காவியைக் குழைத்து இறகால் தொட்டுக் கொப்புளங்களின் மேல் பூசுகிறார். சில ஊர்களில் சிங்க உருவமும் எழுதுவார்கள். மூன்று நாள் வரச் சொல்வார். அதுவரை குளிக்கக் கூடாது, கவிச்சி கூடாது, ‘இங்கிலீஷ் மருந்து’ கூடவே கூடாது.

இந்த நம்பிக்கை தவறு. எழுதுபவரை நான் குறை சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் காசைக்கூட வற்புறுத்திக் கேட்பதில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் நோயாளி இழப்பது என்ன என்பதை யாராவது உரக்கச் சொல்லியாக வேண்டும்.

“எழுதினவங்களுக்கெல்லாம் சரியாயிடுதே டாக்டர்?” என்று கேட்பார்கள். ஆமாம், சரியாகிறது. எழுதாமல் விட்டாலும் சரியாகும். அக்கிக் கொப்புளம் மூன்று முதல் ஐந்து நாள் வரை புதிது புதிதாகக் கிளம்பும்; ஏழு முதல் பத்து நாளில் பொருக்குத் தட்டும்; இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொருக்கு உதிர்ந்துவிடும். மருந்தே இல்லாவிட்டாலும் பெரும்பாலோருக்கு இதுதான் கணக்கு. மூன்றாம் நாள் எழுதி முடிக்கும்போது புதுக் கொப்புளம் கிளம்புவது இயல்பாகவே குறையத் தொடங்கியிருக்கும். பெயர் காவிக்குப் போய்விடுகிறது. ஈரக் காவி பட்டதும் எரிச்சல் சற்றுத் தணிவதும் உண்மைதான். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டாலும் அதே குளிர்ச்சி கிடைக்கும். உடைந்த கொப்புளத்துக்குள் மண் போகாது என்பது கூடுதல் லாபம்.

நாம் தோலைப் பார்த்து நோய் போய்விட்டதாக முடிவு கட்டுகிறோம். இந்த நோயோ நரம்பில் இருக்கிறது. சிறு வயதில் சின்னம்மை போட்டபோது உடம்புக்குள் வந்த அதே வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் வெளியேறுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டி இருபுறமும் உள்ள நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. வயது ஏறும்போதோ, எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ, ஏதாவது ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு இறங்குகிறது. சைரன்செஸ்டர் என்ற ஆங்கிலேயச் சிற்றூரில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்த ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பல ஆண்டுகள் குறித்து வைத்து, 1965-இல் இந்த விளக்கத்தை எழுதினார். உடம்புச் சூடு, பூச்சி எச்சில், யாரோ தாண்டியது என்று நாம் சொல்லும் காரணம் எதற்கும் இதில் இடமில்லை.

அக்கி ஏன் ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்பதற்கும் இதுவே பதில். ஒரு நரம்பு உடம்பின் ஒரு பாதிக்குத்தான் போகும், நடுக்கோட்டோடு நின்றுவிடும். “சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் போய்விடும்” என்ற பயம் வீண். அது சுற்றி வருவதில்லை.

மார்பிலோ முதுகிலோ வந்தால் சட்டையைக் கழற்றிக் காட்டிவிடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே, ஒரு பக்கப் பிட்டத்திலோ தொடை இடுக்கிலோ வரும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. அங்கே வந்ததை யாரிடமும் காட்டுவதில்லை. எழுதுபவரிடம்கூடப் பாதியைத்தான் காட்டுகிறார்கள்.

நான் பார்த்த ஒரு அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. பல ஆண்டு சர்க்கரை நோயாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது பிட்டத்தில் எரிகிற மாதிரி வலி. புடவை உரசினாலே தாங்கவில்லை. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். அக்கியில் பெரும்பாலும் இப்படித்தான். வலி முந்திக்கொள்ளும், கொப்புளம் ஓரிரு நாள் கழித்து வரும். செவ்வாய்க்கிழமை சிவந்து, முத்து முத்தாக நீர்க்கொப்புளம். அன்று மாலையே எழுதினார்கள். புதன், வியாழனும் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை காலை மருமகள் அழைத்து வந்தபோது, அந்த அம்மா சொன்ன முதல் புகார் கொப்புளமே இல்லை. “நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுக்கு வரலய்யா, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு.”

காவியைக் கழுவிப் பார்த்தோம். முதுகுத்தண்டின் அடி நுனியில் நடுக்கோட்டில் தொடங்கி, இடது பிட்டம் வழியாகத் தொடையின் பின்புறம் வரை பட்டையாக இறங்கியிருந்தது. முன்பக்கம், பெண்ணுறுப்பின் இடது ஓரத்திலும் கொத்தாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தத் தோலுக்கு வரும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியான திரிகப் பகுதியிலிருந்து புறப்படுகின்றன. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் இயக்கும் நரம்புகளும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. வீக்கம் அங்கே பரவினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மலச்சிக்கல் வரும். குழாய் போட்டதும் முக்கால் லிட்டருக்கு மேல் சிறுநீர் வந்தது. சிறுநீர்ப்பை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பி, குழாயை எடுக்கச் சில வாரங்கள் ஆயின. பெரும்பாலோருக்கு இப்படித் திரும்பிவிடும். பிட்டத்தில் எரிந்த வலியோ பல மாதம் நீடித்தது.

செவ்வாய்க்கிழமையே மாத்திரை தொடங்கியிருந்தால் இதெல்லாம் வந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வைரஸ் பெருகிக்கொண்டிருந்த நாட்களில் அதைத் தடுக்கும் மருந்து அவருக்குத் தரப்படவில்லை என்பதைச் சொல்வேன்.

அந்த மருந்து அசைக்ளோவிர். புதிதும் அல்ல, விலை கூடியதும் அல்ல. வளர்ந்தவர்களுக்கு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணிக்கு ஒருமுறை, ஏழு நாள். ஐந்து வேளை சிரமம் என்றால் வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் மூன்று வேளை, அதே ஏழு நாள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முழுப் பலன்: கொப்புளம் சீக்கிரம் காய்கிறது, அப்போதைய வலி சீக்கிரம் அடங்குகிறது. 72 மணி நேரம் என்பது சரியாக மூன்று நாள். அந்த மூன்று நாளைத்தான் காவிக்குக் கொடுத்துவிடுகிறோம். காலம் கடந்தாலும் புதுக் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ மருந்து கொடுக்கத்தான் வேண்டும். அந்த அம்மாவுக்கும் கொடுத்தோம்.

இதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கடையில் கேட்டு வாங்கும்போது 200 மில்லிகிராம் மாத்திரை கைக்கு வரும். அது உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வரும் வேறொரு ஹெர்பிஸ் வைரஸுக்கான அளவு; அக்கிக்குப் போதாது. அசைக்ளோவிர் களிம்பும் அக்கியின் நரம்பை எட்டாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைத்தாக வேண்டும், எல்லோரும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆகவே மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து இது. பக்கத்து வீட்டுக்காரரின் மீதி மாத்திரை உதவாது.

தொடை இடுக்கில் வந்தால் இன்னும் இரண்டு இடறல்கள் உண்டு. ஒன்று, படை என்று நினைத்து ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தேய்ப்பது. படை அரிக்கும், ஓரம் வட்டமாக விரியும், இரு பக்கமும் வரும். அக்கி எரியும், குத்தும், நடுக்கோட்டைத் தாண்டாது. இன்னொன்று, பால்வினை நோய் என்ற சந்தேகம். இதனால் பேச்சு நின்றுபோன தம்பதியரைப் பார்த்திருக்கிறேன். அக்கி உடலுறவால் வருவதில்லை. அது அவரவர் சின்னம்மையின் மிச்சம். பிறப்புறுப்பு ஹெர்பிஸும் பிட்டத்தில் ஒரு பக்கமாக வரக்கூடும் என்பது மெய். அது சின்னக் கொத்தாக வந்து, சில மாதம் கழித்து அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். அக்கி பெரும்பாலும் ஒருமுறைதான். சந்தேகம் இருந்தால் கொப்புளத்தின் அடியில் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்பினால் எந்த வைரஸ் என்று தெரிந்துவிடும். சந்தேகத்தை மனதில் வைத்துப் புழுங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

குளிக்கக் கூடாது என்பதும் பொய். தினமும் குளித்து, மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள். உட்காரும் இடம், மலம் கழிக்கும் இடம் என்பதால் அங்கே கிருமி ஏறி சீழ் வைப்பது எளிது. அழுக்கோடு மூன்று நாள் இருப்பது அதற்கு வழி விடுவதுதான். கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். எனவே பொருக்குத் தட்டும்வரை மூடி வையுங்கள். அம்மை போடாத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது கொடுமை. பாராசிட்டமால் போதாவிட்டால் நரம்பு வலிக்கென்றே கேபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. தோல் ஆறி மூன்று மாதம் கடந்தும் எரிச்சல் நீடித்தால், அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்று அதற்குப் பெயர். வயதானவர்களுக்கே அதிகம் வருகிறது. “அக்கி போயிடுச்சு, இன்னும் என்ன வலி?” என்று வீட்டார் சலித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். நரம்பு இன்னும் ஆறவில்லை, அவர் நடிக்கவில்லை. ஐம்பது வயது கடந்தவர்களுக்கு அக்கி வராமல் தடுக்கும் தடுப்பூசியும் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலைதான் இன்னும் ஏழைகளின் கைக்கு எட்டவில்லை.

எழுதுவதில் மன ஆறுதல் கிடைக்கிறது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மாத்திரையைத் தொடங்கிவிட்டு, கொப்புளத்தைத் தொடாமல் ஆறுதல் தேடிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பக்கப் பிட்டமோ தொடை இடுக்கோ காரணமில்லாமல் எரிந்தால், கூச்சப்படாமல் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் கண்ட அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். முன்பக்கம் பரவியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரை, புற்றுநோய் மருந்து, எச்ஐவி எது இருந்தாலும் மறைக்காதீர்கள். சிறுநீர் அடைத்தாலோ, கால் பலவீனமானாலோ, காய்ச்சலோடு புத்தி தடுமாறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவோடு இரவாக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.