பத்து சதவீதம் என்றால் எத்தனை மார்க்?

அரக்கோணத்தில் பிளஸ் டூ படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, அரையாண்டுத் தேர்வில் 600-க்கு 360 எடுத்திருந்தாள். அதாவது 60 சதவீதம். "பப்ளிக்ல இன்னும் பத்து சதவீதம் ஏத்தணும் மாமா" என்றாள். எத்தனை மார்க் கூடுதலாக வேண்டும் என்று கேட்டேன். "முப்பத்தாறு" என்றாள். "இல்லம்மா, அறுபது" என்றார் அவள் அப்பா.

இருவருமே சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். அவள் பத்து சதவீதம் பார்த்தது தன் 360-ல். அப்பா பார்த்தது மொத்தமான 600-ல். அவள் கணக்கில் 396 வரும், அது 66 சதவீதம். அப்பா கணக்கில் 420, அது 70 சதவீதம். 60-லிருந்து 70-க்குப் போவது 10 சதவீதப் புள்ளிகள் உயர்வு. அவளுடைய பழைய மார்க்கோடு ஒப்பிட்டால் அதுவே கிட்டத்தட்ட 16.7 சதவீத உயர்வு. அவள் மனதில் இருந்த இலக்கு 70. முப்பத்தாறை நம்பிப் படித்தால் 24 மார்க் பின்தங்கியிருப்பாள், பாடத்துக்கு நான்கு வீதம்.

இந்தக் குழப்பம் நன்றாகப் படிக்கிறவர்களை அதிகம் தொடாது என்பதுதான் எனக்கு வருத்தம். 90 எடுத்தவர் எப்படிக் கணக்கிட்டாலும் 99 அல்லது 100, ஒரு மார்க் வித்தியாசம். கணக்கில் 30 எடுத்த பையனைப் பாருங்கள். அவன் மார்க்கில் பத்து சதவீதம் கூடினால் 33. தேர்ச்சிக்கு 35 வேண்டுமே! பத்துப் புள்ளிகள் கூடினால் 40, பாஸ். தொடங்கும் எண் சிறிதாக ஆக, இரண்டு கணக்குகளுக்கும் நடுவே பள்ளம் பெரிதாகிறது.

தேர்வு முடிவுச் செய்திகளிலும் இதே சங்கதி உண்டு. பிளஸ் டூ தேர்ச்சி 2024-ல் 94.56 சதவீதம், 2025-ல் 95.03. இதை 0.47 சதவீதம் உயர்வு என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அது புள்ளிக் கணக்கு; பெரிய எண்ணில் நடந்ததால் சின்னதாகத் தெரிகிறது. தேறாதவர்கள் பக்கம் திரும்பினால், அவர்களின் பங்கு 5.44-லிருந்து 4.97-க்கு இறங்கியிருக்கிறது. அதே 0.47 புள்ளிதான், ஆனால் தேறாதவர் பங்கில் ஏறக்குறைய 8.6 சதவீதக் குறைவு.

எனவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரேங்க் கார்டில் "10 சதவீதம் முன்னேற வேண்டும்" என்று எழுதும்போது, பக்கத்திலேயே எட்ட வேண்டிய மார்க்கையும் எழுதிவிடுங்கள். அந்தப் பெண்ணின் கார்டில் 420 என்றும், அந்தப் பையனின் கணக்குப் பாடத்துக்கு நேரே 40 என்றும்.