சிபாரிசுக் கடிதம்

சென்ற வருஷம் நம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு உபகாரச் சம்பளம் கேட்டுச் சிபாரிசு எழுதிக் கொடுத்தோம். கிடைக்கவில்லை. பிரதியை எடுத்துப் படித்தோம். "நல்லொழுக்கம் உடையவள், புத்திசாலி, உழைப்பாளி" என்றிருந்தது. பெயரை விரலால் மறைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குப் பொருந்துகிறது! அந்தப் பெண்ணின் முகத்தை நேரே பார்க்க நமக்குச் சில நாள் கூச்சமாயிருந்தது.

இவ்வருஷம் ஒரு பையன் வந்தான். இம்முறை பேனாவை எடுக்குமுன் ஆய்வுக்கூட நோட்டைப் புரட்டினோம். ஊசல் பரிசோதனையில் மற்றவர்களுக்கெல்லாம் புவியீர்ப்பு ஒழுங்காக 9.8 என்று வந்திருந்தது. விடை தெரிந்த கணக்கில் வராமல் என்ன செய்யும்? இவனுக்கு மட்டும் 9.6. அடித்துத் திருத்தாமல் அப்படியே வைத்திருந்தான். மறுநாள் தானே காரணத்தைக் கண்டுபிடித்து அடியில் எழுதியிருந்தான்: நூல் 49 சென்டிமீட்டர் என்று அளந்தவன், குண்டின் ஆரம் 1 சென்டிமீட்டரைக் கூட்ட மறந்துவிட்டான். கடிதத்தில் இதைத்தான் முதலில் எழுதினோம். 'நேர்மை' என்ற சொல்லுக்கு அப்புறம் தேவையே ஏற்படவில்லை.

அடுத்தது சங்கடமான இடம். கணிதத்தில் 91 வாங்கியவன் அரையாண்டுப் பரீட்சையில் 54. நாம் மறைத்தாலும் மார்க்குப் பட்டியல் மறைக்காது. காரணம் சொல்லாவிட்டால் குழுவினர் தாமாக ஒன்றைக் கற்பித்துக் கொள்வார்கள். தகப்பனார் படுக்கையிலிருந்த இரண்டு மாதமும் பையன் இரவில் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினான். "இதை எழுதலாமா அப்பா?" என்று கேட்டோம். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், ஸார்" என்றான். மறுநாள் அநுமதி வந்தது. வியாதியின் பெயர் மட்டும் வேண்டாமாம். அப்படியே செய்தோம்.

1913-ல் கில்பர்ட் வாக்கர், கணிதமேதை இராமானுஜனுக்காகச் சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதினார். இராமானுஜன் அப்போது துறைமுக அலுவலகக் குமாஸ்தா. அந்தக் கணிதப் பிரிவில் தாம் விசேஷப் பயிற்சி பெற்றவரல்லர் என்பதை வாக்கர் ஒளிக்கவில்லை. அவருடைய வேலையில் பூர்த்தி போதாதென்றும் குறிப்பிட்டார். ஆனால் புதுமையில் அது கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளர் ஒருவரின் வேலைக்கு ஒப்பானது என்றார். இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்குக் கிடைத்தது.

நாமும், "இவனை இரண்டு வருஷமாகப் பௌதிக வகுப்பில் மட்டுமே அறிவோம், இவனது ஆங்கிலத்தைப் பற்றி எம்மால் சொல்ல இயலாது" என்று ஒரு வரி சேர்த்தோம். அவ்வகுப்பின் 42 பேரில் இவன் மூன்றாவது என்பதையும் எழுதினோம். முதல்வன் என்று எழுதக் கை துறுதுறுத்ததென்னவோ வாஸ்தவந்தான்!

உறையை ஒட்டும்போது பையன் வாசலில் நின்றான். "54-ஐப் பற்றி எழுதிவிட்டீர்களா, ஸார்?" என்றான். எழுதிவிட்டதாகச் சொன்னோம். தலையை ஆட்டிவிட்டு, தபாலில் தானே சேர்ப்பதாக உறையை வாங்கிக் கொண்டு போனான்.