ஓராண்டு ‘நார்மல்’ எதையும் உறுதி செய்யாது

இரைப்பை பைபாஸ் செய்து ஓராண்டில் பி12 இயல்பாக இருந்தால், பிறகு ரத்த அணு எண்ணிக்கை மட்டும் போதும் என்ற வாதத்தை ஏற்கவே முடியாது. அந்த முடிவு பெரும்பாலும் கல்லீரலின் பழைய சேமிப்பைத்தான் காட்டுகிறது. அது கரையச் சில ஆண்டுகள் ஆகும். சோதனையை நிறுத்தச் சொல்லும் கட்டத்தில்தான் ஆபத்தே தொடங்குகிறது.

அணு எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்காது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். பி12 குறைந்தால் பெரிதாகும். இரண்டும் சேர்ந்தால் சராசரி அளவான எம்.சி.வி. 88 என்று சாதுவாக வரலாம். அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. உயர்ந்திருப்பது மட்டுமே தடயம். ஃபோலிக் அமில மாத்திரையோ சோகையைச் சரிசெய்து, பி12 குறைபாட்டை மறைத்துவிடும்; நரம்புச் சேதமோ தொடரும். பாதம் மரத்து நடை தள்ளாடிய பின் பி12 ஊசி போட்டாலும் முழுதாக மீளாமல் போகலாம்.

ஆகவே முதல் ஆண்டில் 3, 6, 12ஆம் மாதங்களிலும், பிறகு வாழ்நாள் முழுக்க ஆண்டுதோறும் பி12, ஃபோலேட், ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். துத்தநாகத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், ஆனால் காய்ச்சல் நேரத்தில் அல்ல. அழற்சி துத்தநாகத்தைத் தாழ்த்தி, ஃபெரிட்டினை உயர்த்திக் காட்டும், கூடவே சி.ஆர்.பி.யும் எடுப்பது அதற்காகத்தான்.