யோசனை கேளுங்கள், எழுதி வாங்காதீர்கள்!

சுட்டிகளே! "மழைநீர் சேகரிப்பு பற்றி இரண்டு பக்கம் கட்டுரை எழுதி வா" என்று ஆசிரியர் சொல்கிறார். உடனே அப்பாவின் கைபேசியில் சாட்ஜிபிடியைத் திறக்கலாமா?

முதலில் இரண்டு விஷயம். இந்தக் கட்டுரைக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். 'கூடாது' என்றால் கூடாதுதான். அடுத்து, சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயது ஆகாதவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. 18 வயதுவரை பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

'யோசனை மட்டும் கேட்கலாம்' என்று ஆசிரியர் சொன்னால், முதலில் ஒரு தாளில் நீங்களே ஐந்து குறிப்பு எழுதுங்கள். 'எங்கள் வீட்டுத் தொட்டியில் மணல் அடைத்துக் கிடக்கிறது. மழை நீர் தெருவுக்குத்தான் ஓடுகிறது' என்பது அதில் ஒன்றாக இருக்கலாம். பிறகு கருவியிடம், "கட்டுரை எழுதித் தா" என்று கேட்காதீர்கள். "இவை என் குறிப்புகள். எதை விட்டுவிட்டேன்? எந்த வரிசையில் சொல்லலாம்?" என்று கேளுங்கள்.

ஏன் தெரியுமா? வெறும் தலைப்பை மட்டும் கொடுத்தால், முன்னுரை, தேவை, நன்மைகள், முடிவுரை என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சட்டகம்தான் வரும். உங்கள் வீட்டுத் தொட்டி அதில் வராது. அதை நீங்கள்தானே பார்த்தீர்கள்!

இன்னொன்று. கருவி தப்பான தகவலையும் தயங்காமல் சொல்லும். தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003ல். அது வேறு ஆண்டைச் சொன்னாலும் படிக்கும்போது உண்மை போலவே இருக்கும். எனவே ஆண்டு, பெயர், எண் மூன்றையும் புத்தகத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி நான்கு வரி எழுதுங்கள்:

தேதி, கருவி: ஜூலை 12, சாட்ஜிபிடி.
கேட்டது: என் ஐந்து குறிப்புகளில் எது விடுபட்டது?
எடுத்தது: 'தொட்டியை மழைக்கு முன் சுத்தம் செய்தல்' என்ற யோசனை.
விட்டதும் சரிபார்த்ததும்: அது தந்த முன்னுரையை விட்டேன், ஆண்டை நூலகத்தில் பார்த்தேன்.

வேலை முடிந்த அன்றே எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்தால் எது உங்கள் யோசனை, எது அதனுடையது என்று உங்களுக்கே குழம்பிவிடும்.

"இதை நீயா எழுதினாய்?" என்று ஆசிரியர் கேட்டால் இந்தப் பக்கம் கைகொடுக்கும். கணினி எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை முழுதாக நம்ப முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட அப்படிப்பட்ட கருவி சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதனால், நீங்களே எழுதியதைக்கூட ஒரு மென்பொருள் சந்தேகப்படலாம். அப்போது உங்கள் ஐந்து குறிப்புத் தாளையும் இந்த நான்கு வரியையும் எடுத்துக் காட்டுங்கள்.